கடைசிச் சம்பளம் எந்தத் திகதியில் வந்தது?

2016 பெப்ரவரியில் ஒரு மாலை, சாய்ந்தமருதைச் சேர்ந்த ஓர் இளைஞன் தன் வாப்பாவுடன் என் வீட்டுக்கு வந்தான். கையில் சவூதியிலுள்ள ஒரு கட்டட நிறுவனத்தின் வேலைக் கடிதம். கியூ.எஸ். பதவி; நல்ல சம்பளம். முகவருக்குப் பணம் கட்ட உம்மாவின் நகையை அடகு வைக்கவேண்டும். அதற்கு முன் 'பேப்பர்க்காரரிடம்' ஒரு சொல் கேட்டுவிடுவோம் என்று வந்திருந்தார்கள்.

"முகவருக்கு லைசன்ஸ் இருக்குது சேர், பணியகத்திலயும் பதிஞ்சிருக்கு" என்றான். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்திருப்பது அவசியம்தான். ஆனால் அது முகவர் உண்மையானவர், வேலை உண்மையானது என்பதற்கே சாட்சி. நிறுவனத்தின் பெட்டியில் பணம் இருக்கிறதா என்பதை அந்த முத்திரை சொல்லாது.

"பெரிய கம்பனி" என்றார் வாப்பா. அந்த நாட்களில் நம் கரையோர ஊர்களில் இந்தச் சொல்லுக்கு மிகுந்த மரியாதை இருந்தது. எனக்கோ அதுதான் அச்சமூட்டியது. 2014 நடுப்பகுதியில் பீப்பாய் ஒன்று 100 டொலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டொலருக்கும் கீழே இறங்கியிருந்தது. சவூதியில் பெரும் கட்டட நிறுவனங்களின் முதன்மை வாடிக்கையாளர் அரசாங்கமே. அரசு பில்லைத் தாமதித்தால், நிறுவனம் முதலில் தாமதிப்பது தொழிலாளியின் சம்பளத்தைத்தான். ரஃபீக் ஹரீரி 1978இல் தொடங்கிய சவூதி ஓஜர், நாட்டின் மிகப்பெரிய ஒப்பந்த நிறுவனங்களில் ஒன்று. அங்கேயே சம்பளம் மாதக்கணக்கில் நின்றிருந்தது. பின்லாடின் குழுமமோ, 2015 செப்டெம்பரில் மக்காவில் பாரந்தூக்கி விழுந்த விபத்துக்குப் பின் புதிய அரசு ஒப்பந்தங்களிலிருந்து விலக்கப்பட்டிருந்தது. ஆகவே நான் கேட்டது கம்பனி எவ்வளவு பெரியது என்றல்ல. அதற்குப் பணம் கொடுப்பவர் யார் என்று. பையனுக்குத் தெரியவில்லை.

பழைய ஞாயிறு பத்திரிகைக் கட்டை இறக்கினேன். (மனைவி இருபது வருடமாக எரிக்கச் சொல்லும் கட்டு அது.) அதே நிறுவனத்தின் ஆள்தேடும் விளம்பரம் பத்து மாதத்தில் மூன்று முறை வந்திருந்தது. வளரும் நிறுவனம் புதிய வேலைத்தளம் கிடைத்ததும் மேசன், போர்மன், பொறியியலாளர் என்று எல்லாரையும் ஒருசேர அழைக்கும். இங்கே மூன்று முறையும் கேட்டது கியூ.எஸ்.ஸும் கணக்காளரும்தான். பில்லை எழுதுபவனும் பணத்தை எண்ணுபவனும் கப்பல் ஓட்டையை முதலில் காண்பவர்கள். அவர்கள் அடிக்கடி மாறினால் காரணம் கேட்காமல் விடக்கூடாது.

அடுத்தது, அங்கே வேலை செய்பவரைப் பிடிப்பது. நிந்தவூரில் ஒருவர் அதே நிறுவனத்திலிருந்து லீவில் வந்திருந்தார். "கம்பனி எப்படி?" என்று கேட்டால் "அல்ஹம்துலில்லாஹ், நல்லம்" என்றுதான் எவரும் சொல்வார். அதனால் திகதிகளைக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்: கடைசிச் சம்பளம் எந்தத் திகதியில் வங்கிக்கு வந்தது? அது எந்த மாதத்துச் சம்பளம்? இகாமா எப்போது புதுப்பித்தார்கள்? லீவுச் சம்பளம் கையில் கொடுத்தார்களா, வந்தபின் தருகிறோம் என்றார்களா? இகாமாவைப் புதுப்பிப்பதும் அதற்கான கட்டணத்தைச் செலுத்துவதும் முதலாளியின் கடமை. காசு முடையான நிறுவனம் அதைத் தள்ளிப்போடும். தொழிலாளியோ வீதியில் இறங்கவே அஞ்சுவான்.

பதில் அன்றிரவே வந்தது. நவம்பர்ச் சம்பளம் ஜனவரி கடைசியில் வந்திருக்கிறது. அவருடைய அறையில் இருவரின் இகாமா காலாவதி. லீவுச் சம்பளம் "திரும்பி வந்ததும்".

கொழும்பு நேர்முகத்தில் மூன்று கேள்விகளை அவனே கேட்டான்: நான் எந்த வேலைத்தளத்துக்கு, அதன் உரிமையாளர் யார்? எனக்கு முன் இருந்தவர் ஏன் போனார்? சென்ற மாதச் சம்பளம் எப்போது கொடுத்தீர்கள்? முதல் கேள்விக்கு அரசு மருத்துவமனை என்று பதில் வந்தது. இரண்டாவதற்குச் சிரிப்பு. மூன்றாவதற்கு, "எல்லாக் கம்பனியிலும் கொஞ்சம் தாமதம்தானே, தம்பி" என்றாராம். அதில் பொய்யில்லை. சில நிறுவனங்கள் அந்தத் தாமதத்தைத் தாண்டி வந்தும் இருக்கின்றன. ஆனால் அடகுக்கடை வட்டி தாமதிக்காது என்று வாப்பா சொன்னார். அந்தக் கணக்கில்தான் முடிவு எடுக்கப்பட்டது. பையன் போகவில்லை.

அதே பதவிக்கு அடுத்த ஊரிலிருந்து ஒருவர் போனார். முதல் ஐந்து மாதம் சம்பளம் ஒழுங்காக வந்ததாம். அப்போது பையனின் வீட்டில் என்மேல் கொஞ்சம் மனவருத்தம் இருந்தது. உம்மா என்னைக் கண்டால் முக்காட்டை இழுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார். 2016 ஏப்ரல் முடிவில் மக்காவில் சம்பளம் கிடைக்காத பின்லாடின் தொழிலாளர் பஸ்களை எரித்த செய்தி வந்தபோதும் அந்த வருத்தம் தீரவில்லை. அது வேறு கம்பனிதானே. சவூதி ஓஜர் 2017 ஜூலை முடிவில் மூடப்பட்டது. அடுத்த ஊர்க்காரர் அதற்கு முன்பே, நாலு மாத நிலுவையை அங்கேயே விட்டுவிட்டு, பயணச்சீட்டுக்குக் கடன் வாங்கித் திரும்பியிருந்தார்.