மூன்று மேற்கோள், ஒரே சாட்சி

அன்புள்ள மாணவிக்கு,

உன் ஆய்வேட்டின் இரண்டாம் இயலைப் படித்து முடித்தேன். சுங்கை ரம்பாய் வட்டாரத் தோட்டப் பள்ளிகளைப் பற்றி எழுத அந்த மண்ணிலேயே வளர்ந்த ஒருத்தி வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். நடையிலும் குறை இல்லை. ஆனால் அடிக்குறிப்புகளில் பாதிக்கு மேல் இணையத்தில் பிறர் எழுதி வைத்த கட்டுரைகள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை. எங்கிருந்து எடுத்தோம் என்பதை அவர்கள் எழுதவில்லை. அதனால் உன்னாலும் எழுத முடியவில்லை. சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

பொதுவாகச் சொன்னால் மனத்தில் நிற்காது. உன் இயலிலிருந்தே ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். தோட்டத்தில் 7 முதல் 14 வயதுக்குள் 10 பிள்ளைகள் இருந்தால் நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது, அதன்படியே சுங்கை ரம்பாய்ப் பக்கத் தோட்டங்களிலும் பள்ளிகள் எழுந்தன என்று எழுதியிருக்கிறாய். அதற்கு மூன்று கட்டுரைகளைச் சான்றாகக் காட்டுகிறாய். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். சொற்கள்கூட மாறவில்லை. ஒருவர் எழுதியதை மற்ற இருவரும் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் மூன்று எண் இருந்தாலும் சாட்சி ஒன்றுதான், அம்மா. அந்த ஒரு சாட்சியும் சட்டத்தைப் பார்த்ததாகச் சொல்லவில்லை.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஐக்கிய மலாய் மாநிலங்களுக்காகப் போடப்பட்டது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கில்தான் அது செல்லும். மலாக்காவோ சிங்கப்பூர், பினாங்குடன் சேர்ந்த நீரிணைக் குடியேற்றம். அதற்கான சட்டம் சிங்கப்பூரில் இருந்த சட்டமன்றத்தில் இயற்றப்பட்டது. உங்கள் ஊருக்குக் கிழக்கே கெசாங் ஆற்றைத் தாண்டினால் ஜொகூர். அது இரண்டிலும் சேராத தனி மாநிலம். அந்தக் காலத்தில் ஆற்றுக்கு இக்கரையில் பால் வெட்டியவருக்கு ஒரு சட்டம், அக்கரையில் வெட்டியவருக்கு இன்னொன்று. வடக்கே நெகிரி செம்பிலான் எல்லையைத் தாண்டினால் மூன்றாவது. மலாயா முழுவதும் ஒரே ஆட்சி, ஒரே சட்டம் என்று நினைத்து எழுதும் கட்டுரைகளில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. 1946 வரைக்குமான எந்தச் செய்தியை மலாக்காவுக்குப் பொருத்தும்போதும், இது யாருடைய சட்டம் என்று முதலில் கேள்.

எங்கே தேடுவது? நீரிணைக் குடியேற்றங்களின் அரசிதழிலும் சட்டத் தொகுப்புகளிலும் தேடு. அங்கே சட்டத்தின் வாசகமே இருக்கும். எந்த ஆண்டு, எந்தப் பிரிவு, யாருக்குக் கட்டாயம், மீறினால் என்ன தண்டனை என்று நீயே படித்து எழுது. லண்டனுக்குப் போன கடிதப் போக்குவரத்து வேண்டுமானால் அங்குள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் மலாக்காவுக்கு உரிய வரிசை CO 273. ஐக்கிய மாநிலங்களுக்குத் தனி வரிசை உண்டு. கோலாலம்பூரில் நம் ஆர்க்கிப் நெகாராவில் கோப்பு தேடும்போது இன்னொன்றைக் கவனி. மலாக்காவின் தலைமை அதிகாரிக்கு ரெசிடென்ட் கவுன்சிலர் என்று பெயர். போருக்குப் பின் ரெசிடென்ட் கமிஷனர். வெறும் ரெசிடென்ட் என்று தேடினால் பக்கத்து மாநிலக் கோப்புகள்தான் வந்து குவியும்.

ஊர்ப் பெயரையும் அந்தக் காலத்து எழுத்திலேயே தேட வேண்டும். சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் NewspaperSG தளத்தில் பழைய ஆங்கில நாளிதழ்களைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். தமிழ் முரசும் அங்கே இருக்கிறது. இன்றைய வழக்கப்படி Sungai Rambai, Melaka என்று மட்டும் தட்டினால் நிறையத் தவறிப்போகும். Sungei Rambai, Malacca என்றும் தட்டிப் பார். தொழிலாளரை அந்த இதழ்கள் கூலி என்றே எழுதின. படிக்கக் கசக்கும் அந்தச் சொல்லையும் சேர்த்துத்தான் தேட வேண்டும்.

சட்ட வாசகம் கிடைத்தவுடன் வேலை முடிந்துவிடாது. பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் சொல்வது ஒன்று. பள்ளி நடந்தது என்பது வேறு. நடந்ததா என்பதற்குப் பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டைப் போல நெருங்கிய சான்று இல்லை. தலைமையாசிரியரிடம் அனுமதிக் கடிதத்தோடு போய்க் கேள். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தகப்பன் பெயர், தொழில், சேர்ந்த நாள், விலகிய நாள் என்று கட்டம் கட்டமாக இருக்கும். விலகிய நாளைப் பிறந்த நாளோடு வைத்துக் கணக்கிட்டால், எத்தனை வயதில் பிள்ளை வெளிக்காட்டு வேலைக்கோ தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவோ போயிருக்கலாம் என்று ஊகிக்க வழி கிடைக்கும். பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கணக்கெடு. உன் ஆய்வின் உயிர் அந்தக் கட்டங்களில்தான் இருக்கிறது. எந்தக் கட்டுரையிலும் அது கிடைக்காது.

பதிவேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதே. முதல் பக்கம் 1946இல் தொடங்கினால் பள்ளியும் அந்த ஆண்டில்தான் தொடங்கியது என்று முடிவு கட்டாதே. ஜப்பானியர் காலத்தில் மூடிக் கிடந்து, பிறகு திறந்தபோது புதுப் புத்தகம் போட்டிருக்கலாம். அதற்கு முந்திய ஆண்டுகளுக்கு நீரிணைக் குடியேற்றங்களின் கல்வி ஆண்டறிக்கையைப் பார். இந்திய அரசின் முகவர் 1920களிலிருந்து கோலாலம்பூரில் இருந்துகொண்டு ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார்; அதையும் பார். முன்னது காலனி அரசின் குரல். பின்னது தன் நாட்டு மக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று டில்லிக்குச் சொன்ன குரல். இரண்டும் ஒத்துப்போகும் இடத்தில் துணிந்து எழுதலாம். முரண்படும் இடத்தில் இரண்டையும் சொல்லி, எதை ஏன் ஏற்கிறாய் என்று காரணம் காட்டு.

ஒன்று கவனித்தாயா? இந்த இரண்டிலும் லயத்தில் குடியிருந்தவர் பேசவில்லை. அதற்கு உன் ஊர்ப் பெரியவர்கள் இருக்கிறார்கள். கங்காணி வீட்டுத் திண்ணையிலோ ஆயாக் கொட்டகையிலோ எழுத்துக் கற்ற பாட்டி ஒருத்தி கிடைத்தால், அவர் சொல்வது முதல்நிலைச் சான்று. ஒலிப்பதிவு செய், நாள், இடம், அவர் வயது, எந்தத் தோட்டம் என்று எழுதி வை, ஒப்புதல் வாங்கு. ஆண்டு கேட்டால் தடுமாறுவார். போருக்கு முன்னா பின்னா, அப்போது எந்தத் துரை, எந்த வாத்தியார் என்று கேட்டால் பதில் வரும். அதைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுக் காலத்தை நீ நிறுவிக்கொள்.

இணையத்தில் படித்ததையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவை வழி காட்டட்டும், சாட்சி சொல்ல வேண்டாம். எழுதியவர் முகவரி இருந்தால், இந்தச் செய்தி எங்கே கிடைத்தது ஐயா என்று இரண்டு வரி எழுதிக் கேள். அதைவிட நல்ல வழிகாட்டி 1969இல் வெளிவந்த கெர்னியல் சிங் சந்துவின் நூலும், 1970இல் வந்த சின்னப்பா அரசரத்தினத்தின் நூலும். அவற்றின் அடிக்குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு போனால் மூல ஆவணத்துக்குப் போய்ச் சேரலாம். அவர்கள் எழுதியது நாடு தழுவிய வரலாறு. உங்கள் ஊர்ப் பள்ளியின் கதை நீதான் எழுத வேண்டியது.

இயல் முழுவதையும் இப்போதே திருத்த வேண்டாம். அந்த 1912 வாக்கியம் இருக்கும் பத்தியை மட்டும் எடுத்துக்கொள். மலாக்காவுக்குரிய சட்டத்தைக் கண்டுபிடி, ஒரு பள்ளியின் பதிவேட்டைப் பார், ஒரு பெரியவரிடம் பேசு. பிறகு அந்தப் பத்தியைத் திரும்ப எழுதி எனக்கு அனுப்பு. சான்று கிடைக்காத வரியை அடித்துவிடு. இயல் பாதியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. மிச்சம் இருக்கும் பாதியை நம்பி நான் கையெழுத்துப் போடுவேன்.

அன்புடன்,
உன் மேற்பார்வையாளர்