ராத்தாவின் கடிதம்



மஃரிபுக்குப் பிறகு ஒரு ராத்தா, தானே எழுதிய கடிதத்தோடு வந்தார். கடையை வாடகைக்கு எடுத்தவர் பெப்ரவரி முதல் மே வரை பணம் கட்டவில்லை. மாதம் 15,000 ரூபா. கடிதம் இப்படித்தான் இருந்தது: “அன்புள்ள தம்பி, அல்லாஹ்வுக்குப் பயமில்லையா? நாலைந்து மாத வாடகையை உடனே தராவிட்டால் பொலிஸில் பிடித்துக் கொடுப்பேன். இப்படிக்கு, உங்கள் அன்புச் சகோதரி.” மேலே “உரிமைகளுக்குப் பாதகமின்றி” என்று ஒரு தலைப்பு. யாரோ ஒருவரின் பழைய கடிதத்தில் பார்த்ததாம்.

முதலில் அந்தத் தலைப்பை வெட்டினோம். அது சமரசப் பேச்சுக்கு உரியது. “50,000 தந்தால் முடித்துக்கொள்வோம்” என்று இறங்கி எழுதும்போது, அதை நாளைக்கு நமக்கெதிராக வழக்கில் காட்டாமல் இருப்பதற்கான பாதுகாப்பு. 1895 ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் 23 ஆம் பிரிவில் இதற்கு இடமிருக்கிறது. ராத்தாவோ இறங்கவில்லை, கேட்கிறார். இந்தக் கடிதத்தை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வரும். இறங்கிப் பேசுவதானால் அதை வேறு கடிதத்தில் எழுதலாம்.

“அன்புள்ள தம்பி” போய் வெறும் “ஐயா” வந்தது. ஸலாமையும் சேர்ப்போமா என்று ராத்தா கேட்டார். நேரில் கண்டால் சொல்லுங்கள், இந்தக் கடிதத்துக்கு “ஐயா” போதும் என்றோம். அல்லாஹ்வுக்குப் பயமில்லையா என்ற கேள்வியையும் எடுத்தோம். அது நியாயமான கேள்விதான், ஆனால் அதற்குப் பதில் 60,000 ரூபா அல்ல.

“நாலைந்து மாதம்” என்பதுதான் பெரிய ஓட்டை. வியாபாரக் கடிதம் ஒன்றில் சொல்லப்பட்டதை மறுப்பவர் பதில் எழுத வேண்டும், பேசாமல் இருந்தால் ஒப்புக்கொண்டதாகக் கொள்ள இடமுண்டு என்பதை நம் நாட்டு நீதிமன்றங்கள் சரவணமுத்து எதிர் டி மெல் போன்ற வழக்குகளில் ஏற்றிருக்கின்றன. எதை ஒப்புக்கொண்டார் என்று காட்ட, அது தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டுமே. இப்படி மாற்றினோம்:

“தாங்கள் வாடகைக்கு வைத்திருக்கும் எனது கடைக்கு, பெப்ரவரி முதல் மே வரையான 4 மாதங்களுக்கு, மாதம் ரூபா 15,000 வீதம் ரூபா 60,000 செலுத்தப்படவில்லை. அதனை ஜூன் 30 ஆம் திகதிக்கு முன்னர் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் அதனை அறவிட நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்வேன்.”

பொலிஸ் பேச்சை எடுத்தபோது ராத்தாவுக்குத் திருப்தியில்லை. “பயப்பட மாட்டானே” என்றார். வாடகை நிலுவை சிவில் விடயம், அதற்குப் பொலிஸ் பிடிக்காது. செய்ய முடியாததை எழுதினால் மற்ற வரிகளையும் அவர் நம்ப மாட்டார். மிரட்டினார் என்று திருப்பி முறையிடவும் அது வழி கொடுக்கும்.

முடிவில் “இப்படிக்கு, உண்மையுள்ள” என்று எழுதி, கையொப்பம், முழுப் பெயர், முகவரி. அன்புச் சகோதரியை ராத்தா தானே கோடிட்டு வெட்டினார், கொஞ்சம் சிரிப்போடு.

மறுநாள் பதிவுத் தபாலில் போட்டார். பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு பின் அடித்து வைத்திருக்கிறார்.