சிநேகிதிக்குத் தம்பூராத் தந்திகள்

ஸ்ரீரங்கம், ஆவணி 4

வருகிற நவராத்திரியில் திருச்சி நகரத்துச் சபை ஒன்றில் என் பால்ய சிநேகிதி முதன்முதலாக முழுக் கச்சேரி செய்யப்போகிறாள் என்ற செய்தி வந்தது முதல், அவளுக்கு எதைக் கொடுப்பது என்ற யோசனையே மனத்தை நிறைத்திருக்கிறது. பொன்னாடையும் சந்தன மாலையும் குத்துவிளக்கும் மங்களம் பாடி முடித்த பிறகு தாமாகவே வந்து குவியும். அவை பாடியதற்குச் செய்யும் மரியாதை. பாடுகிற வேளையில் கூட இருந்து உதவும் பொருள் எதுவோ அதைக் கொடுக்கவே விரும்புகிறேன்.

திருச்சியில் வளர்ந்த எம்.கே. தியாகராஜ பாகவதரின் முதல் கச்சேரியில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிரா வாசித்து, அந்த இளைஞருக்குப் 'பாகவதர்' என்னும் பட்டத்தையும் சூட்டினார் என்று பெரியவர்கள் வழிவழியாகச் சொல்வார்கள். பட்டத்தைக் காட்டிலும், அத்தகைய மகாவித்வான் ஒரு பாலகனுக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசித்தாரே, அதையே நான் பெரிய வெகுமானமாகக் கருதுகிறேன்.

ஆவணி 9

உத்தர வீதியில் அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்து மூலையில், உறை போட்டபடி, அவளுடைய அத்தையின் தஞ்சாவூர்த் தம்பூரா சாய்ந்திருந்தது. "அத்தை நாலரைக் கட்டையில் பாடினவர்; எனக்கு ஐந்தரை. ஏற்றிப் பார்த்தேன், சாரணி அறுந்துவிட்டது. அதனால் சுருதிப் பெட்டியையே வைத்துக்கொண்டு பாடிவிடலாம் என்றிருக்கிறேன்" என்றாள்.

உறையை நீக்கிப் பார்த்தோம். பலாமரக் குடத்தில் குறை ஒன்றுமில்லை. தந்திகள்தாம் துருவேறிக் கிடந்தன. துருப்பிடித்த தந்தி ஒரு கட்டை மேலே ஏற்றினால் தாங்காது. அறுபடாமல் தப்பினாலும் அதன் நாதத்தில் தெளிவிராது. "தந்தி மாற்றித் தருகிறேன், அதுதான் என் பரிசு" என்றேன். "அதற்கு ஏனடி இவ்வளவு யோசித்தாய்!" என்று சிரித்தாள், ஆனால் கண் கலங்கியிருந்தது.

ஆவணி 16

தம்பூராவை வண்டியில் மடிமேல் கிடத்தி, தஞ்சாவூருக்கு எடுத்துச் சென்றோம். வாத்தியம் செய்யும் ஆசாரி முதலில் கேட்டது, "பாடுகிறவர்களுக்கு என்ன சுருதி?" என்பதுதான். சுருதியைச் சொல்லாமல் தந்தி வாங்கலாகாது. ஐந்தரைக் கட்டைக்குச் சற்று மெல்லிய தந்திகளே பொருந்தும் என்று சொல்லி, பஞ்சமத்துக்கும் இரண்டு சாரணிகளுக்கும் எஃகுத் தந்தியும், மந்தர ஸட்ஜத்துக்குப் பித்தளைத் தந்தியும் எடுத்து வைத்தார்.

அதற்குமேல் அவர் காட்டியதுதான் நான் அறியாத விஷயம். குதிரையின் மேல், தந்திகள் ஆண்டுக்கணக்காக அழுத்தி அதிர்ந்த இடத்தில், நகத்தால் தடவினால் தட்டுப்படும்படி நான்கு பள்ளங்கள் விழுந்திருந்தன. தந்திக்கும் குதிரைக்கும் நடுவே செருகுகிற நூலாகிய ஜீவாளி, தந்தியை மயிரிழை அளவு தூக்கி, அது அந்தச் சரிவான பரப்பை மெல்லத் தொட்டுத் தொட்டு விலகும்படி செய்கிறது. தம்பூராவின் ரீங்காரம் முழுவதும் அங்கிருந்தே பிறக்கிறது. பள்ளத்தில் அமிழ்ந்துவிட்ட தந்திக்கு நூலை எங்கே நகர்த்தினாலும் பயனில்லை. ஆகையால் குதிரையை அரத்தால் சிறுகச் சிறுக இழைத்து, மீட்டிப் பார்த்து, மறுபடி இழைத்து, அந்தி சாயும் வரையில் அவர் உழைத்தார். புதுத் தந்தியை மட்டும் வாங்கிக் கொடுத்திருந்தால், பாதிப் பரிசைக் கொடுத்தவளாகவே ஆகியிருப்பேன்.

ஆவணி 20

புதுத் தந்தி உடனே நிலைப்பதில்லை. பிரடையில் சுற்றிய சுற்று இறுகி, தந்தியும் இழுபட்டு அடங்கும் வரையில் சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். காலையில் சேர்த்தது மாலையில் நிற்கவில்லை. பிரடையும் சற்று வழுக்கியது. அதைக் கழற்றிச் சாக்குத்தூள் தடவித் திருகியதும் பிடித்துக்கொண்டது. இதையே கச்சேரி தினத்தன்று கொண்டுபோய்க் கொடுத்திருந்தால், மேடையில் ஒவ்வொரு உருப்படிக்கும் இடையே அவள் சுருதி சேர்த்துக்கொண்டு அல்லவா தவித்திருப்பாள்! தந்தியைப் பரிசளிப்பவர்கள் குறைந்தது இரண்டு வாரம் முன்னதாகவேனும் கொடுப்பது நல்லது.

புரட்டாசி 3

இன்று சாதகத்தின்போது, தம்பூராவைப் பின்னால் அமர்ந்து மீட்டினேன். முக்கால் மணி நேரம் பாடியும் பிரடையைத் தொட வேண்டியிருக்கவில்லை. அதன்பின் அடிப்பக்கத்து மணிகளைச் சிறிது நகர்த்தியதே போதுமானதாயிற்று. கல்யாணியில் மேல் ஸட்ஜத்தில் அவள் நின்றபோது, குரல் எது, தந்தி எது என்று பிரித்தறிய முடியவில்லை. மேடையிலும் தம்பூரா நானே மீட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், மகிழ்ச்சியுடன் ஒப்புக்கொண்டேன். இனிமேல் பாக்கி, உறைக்குள் போட்டு வைப்பதற்கு ஓர் உபரிச் சாரணித் தந்தியும், ஜீவாளிக்குக் கொஞ்சம் பருத்தி நூலும்தான். அவற்றை நாளைக்கே சேர்த்துவிட வேண்டும்.