முதலில் கைதட்டியவர்

2021 அக்டோபர் 31, ஹாலோவீன் இரவு. கொரோனா பயம் முழுதாக விலகாத காலம் என்பதால், அந்த வருஷம் பிளசன்டனில் எங்கள் வீட்டுக் கதவைத் திறந்து மிட்டாய் கொடுக்கவில்லை. வாசலில் ஸ்டூல் போட்டு, எவர்சில்வர் அடுக்கு நிறைய சாக்லேட்டை வைத்து, ‘ஒருவருக்கு ஒன்று’ என்று அட்டையில் எழுதி ஒட்டிவிட்டோம். நானும் மகளும் சோபாவில் உட்கார்ந்து, வாசல்மணி கேமரா காட்டுவதைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

தனியாக வந்த குட்டி தேவதை ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்து முகமூடி போட்ட ஐந்து பையன்கள். முன்னால் நின்றவன் அட்டையைப் படித்தான், பின்னால் திரும்பிப் பார்த்தான், இரண்டு கையாலும் அள்ளினான். மற்ற நான்கு பேரும் அள்ளினார்கள். அரை நிமிஷத்தில் அடுக்கு காலி.

“இதை வெச்சே ஒரு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்கப்பா” என்றாள் மகள். கல்லூரியில் உளவியல் படிக்கிறாள், வார இறுதிக்கு வந்திருந்தாள். 1976இல் எட் டீனர் என்பவரும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது அது. சியாட்டிலில் 27 வீடுகள், ஹாலோவீனுக்கு வந்த 1,352 குழந்தைகள். ஒரு மிட்டாய் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, வீட்டுக்காரப் பெண் உள்ளே போய்விடுவாள். பக்கத்திலேயே சில்லறைக் காசு நிறைந்த கிண்ணமும் இருக்கும். ஒளிந்திருப்பவர் எண்ணுவார். பெயரும் முகவரியும் கேட்கப்பட்டுத் தனியாக வந்த குழந்தைகளில் 7.5 விழுக்காட்டினர் விதியை மீறினார்கள். பெயர் கேட்கப்படாமல் கூட்டமாக வந்தவர்களில் 57.2 விழுக்காட்டினர். இதற்குப் பாடப்புத்தகம் வைத்த பெயர் தனியடையாள இழப்பு. பெயர் மறைந்து, சுற்றிலும் ஆள் சேர்ந்தால், ‘நான் செய்கிறேன்’ என்ற உறுத்தல் கரைந்துபோகிறது என்பது அதன் சாரம்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க போன வாரம் குரூப்ல போட்டது ஞாபகம் இருக்காப்பா?” என்று கேட்டாள்.

ஞாபகம் இருந்தது. அதற்கு முந்தைய ஞாயிறு, துபாயில் இந்தியா – பாகிஸ்தான் டி20 ஆட்டம். எங்களுக்குக் காலை ஏழு மணி. பாகிஸ்தான் ஒரு விக்கெட்கூட இழக்காமல் வென்றது. முகமது ஷமி 3.5 ஓவரில் 43 ரன் கொடுத்தார். அன்றைக்கே இணையத்தில் அவருடைய மதத்தைச் சொல்லித் திட்டத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் தமிழர் வாட்ஸாப் குழுவிலும் அந்த நாற்றம் வந்தது. ஒருவர் ஒரு ‘ஜோக்’ போட்டார். அதன் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நானும் ஒரு வரி எழுதினேன். அதை இங்கே எழுத மாட்டேன். மகளிடம் வேறெதையோ காட்டப் போனை நீட்டியபோது அவள் பார்த்துவிட்டாள்.

பாடப்புத்தக விளக்கம் எனக்குப் பொருந்தவில்லை. நான் எந்த முகமூடியும் போடவில்லை. குழுவில் என் பெயர் இருந்தது, என் புகைப்படம் இருந்தது, பாதிப்பேர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள். அந்த ஜூலையில் ஐரோப்பியக் கால்பந்து இறுதியாட்டத்தில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் கறுப்பின வீரர்கள் மூவரை இணையம் குதறியது. அந்தப் போட்டித் தொடரை ஒட்டி நிரந்தரமாக முடக்கிய கணக்குகளில் 99 விழுக்காடு ஆள் யாரென்று அடையாளம் தெரிந்தவைதான் என்று ட்விட்டர் பின்னர் சொன்னது. பெயரை மறைத்தால்தான் வசை வரும் என்பதில்லை.

இதை மகளிடம் சொன்னபோது அவள் இன்னொரு சோதனையைச் சொன்னாள். அதற்கு முன், 1960களின் கடைசியில் பிலிப் சிம்பார்டோ, பெண்களுக்கு முகம் மறைக்கும் தலையுறை மாட்டி, இன்னொருத்திக்கு மின்னதிர்ச்சி கொடுக்கச் சொன்னார் (அதிர்ச்சி பொய், அவர்களுக்கு அது தெரியாது). தலையுறை போட்டவர்கள் இரண்டு மடங்கு நேரம் பொத்தானை அழுத்தினார்கள். பிறகு 1979இல் ஜான்சன், டவுனிங் என்ற இருவர், அந்த உடையே ஏதோ சொல்லிக்கொடுக்கிறதோ என்று சந்தேகப்பட்டார்கள். சிலருக்குக் கு கிளக்ஸ் கிளான் அங்கிபோல ஒன்று, சிலருக்கு நர்ஸ் உடை. நர்ஸ் உடையில் இருந்தவர்கள் அதிர்ச்சியைக் குறைத்தார்கள். யாரென்று தெரியாதபடி செய்தபோது இன்னும் குறைத்தார்கள். அப்படியென்றால் முகம் மறைந்ததும் உள்ளே இருக்கும் மிருகம் வெளியே வருகிறது என்பது சரியில்லை. ‘நான்’ பின்னால் போகிறது. அந்த இடத்துக்கு எந்த ‘நாம்’ வந்து உட்காருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

அதைக் கேட்டதும் எனக்குச் சேப்பாக்கம் நினைவு வந்தது. இருபது வருஷமாக விருந்துகளில் நான் பெருமையாகச் சொல்லிவந்த கதை. 1999 ஜனவரி 31, அதுவும் ஞாயிறு. பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட், வெற்றிக்கு 271 தேவை. 82க்கு ஐந்து விக்கெட் போனபின் சச்சின் முதுகுவலியோடு மோங்கியாவைச் சேர்த்துக்கொண்டு இழுத்துவந்தார். 136 ரன்னில் அவர் அவுட் ஆனபோது தேவை இன்னும் 17 ரன், கையில் மூன்று விக்கெட். அந்த மூன்றும் நாலே ரன்னில் போயின. 12 ரன்னில் தோல்வி. மைதானமே உறைந்தது. பிறகு எழுந்து நின்று கைதட்டியது. வாசிம் அக்ரமும் அவருடைய ஆட்களும் மைதானத்தைச் சுற்றி வந்தார்கள்.

கதையில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. என் கையில் ஒரு தண்ணீர் பாக்கெட் இருந்தது. அதை வீசத்தான் பிடித்திருந்தேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் எழுந்து தட்ட ஆரம்பித்தார். அவருக்குப் பக்கத்தில் இருவர் எழுந்தார்கள். பிறகு எங்கள் வரிசை. பாக்கெட்டைக் காலடியில் போட்டுவிட்டு நானும் எழுந்தேன். என் பெருந்தன்மை முழுக்க அவ்வளவுதான்.

அன்று அந்தக் கைதட்டலுக்கு ஓர் ஏற்பாடும் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் டெல்லி கோட்லா மைதானத்தின் ஆடுகளத்தைத் தோண்டிப்போட்டிருந்தார்கள். உலகம் நம்மைப் பார்க்கிறது என்ற எண்ணம் எங்கள் எல்லோருக்கும் இருந்தது. போதாததற்கு, ‘ஆட்டம் தெரிந்த ரசிகர்கள்’ என்று வர்ணனையாளர்கள் ஆண்டாண்டாய் எங்களுக்குச் சூட்டிய பட்டம். அதுதான் எங்கள் நர்ஸ் உடை.

மூன்று வாரம் கழித்துக் கொல்கத்தா ஈடன் கார்டன்ஸில் அதே இரண்டு அணிகள். ஷோயப் அக்தர்மேல் மோதியதில் சச்சின் ரன் அவுட். அநியாயம் நடந்துவிட்டது என்று கூட்டம் நம்பியது. பாட்டில்கள் பறந்தன. சச்சினே வந்து சமாதானம் செய்யவேண்டியிருந்தது. கடைசி நாள் தோல்வி நெருங்கியதும் மறுபடி ரகளை. போலீஸ் சுமார் 65,000 பேரை வெளியேற்றியது, காலி மைதானத்தில் ஆட்டம் முடிந்தது. அப்போது நாங்கள் ‘பார், அவங்க அப்படி, நாம இப்படி’ என்று பேசிக்கொண்டோம். சேப்பாக்கத்தில் சச்சின் அப்படி அவுட் ஆகியிருந்தால் என் பாக்கெட் எங்கே போயிருக்கும் என்று நான் யோசிக்கவில்லை.

“அன்னிக்கு உங்க குரூப்ல யாராவது ஒருத்தர் ‘வேண்டாம்’னு எழுதியிருந்தா?” என்று மகள் கேட்டாள்.

“நிறுத்தியிருப்பேன்னு நினைக்கிறேன்.”

“அந்த ஒருத்தரா நீங்க ஏன்ப்பா இல்ல?”

பதில் இல்லை. போனை எடுத்து அந்த வரியைத் தேடினேன். எல்லோருக்கும் அழிக்கும் கெடு தாண்டிவிட்டது. கீழே வேறு பேச்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. யாரோ தீபாவளிக்கு அதிரசம் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தார்கள். ‘போன ஞாயிறு ஷமியைப் பற்றி நான் எழுதியது தப்பு’ என்று தட்டினேன். அனுப்ப விரல் வரவில்லை. மூடிவிட்டேன். மறுபடி திறந்தேன். கடைசியில் அனுப்பினேன். இரண்டு பேர் கட்டைவிரல் போட்டார்கள், ஒருவர் ‘விடுங்க சார், ஜாலிக்குத்தானே’ என்றார். ஜோக்கை முதலில் போட்டவர் எதுவும் சொல்லவில்லை.

மகள் அடுக்கை மறுபடி நிரப்பி வாசலில் வைத்துவிட்டு வந்தாள். இந்த முறை அட்டையை எடுத்துவிட்டாள். ஏன் என்று கேட்டதற்கு, “என்ன பண்றாங்கன்னு பாக்கலாம்” என்றாள்.