கீழ்த்தட்டு அவளுக்கு

பதினோரு பேர் புழங்கும் வீட்டில் அண்ணன் மகளுக்குத் தனி அறைக்கு எங்கே போவது? கூடத்துச் சுவரலமாரியின் கீழ்த்தட்டைக் கொடுத்தோம். மேல்தட்டு என்றால் ஒவ்வொரு தடவையும் யாரையாவது எடுத்துத் தரச் சொல்ல வேண்டும். அப்புறம் அதில் என்ன அந்தரங்கம்?

ஆனால் கீழ்த்தட்டு என்றால் தவழும் வாண்டு எல்லாவற்றையும் இழுத்துப் போடும். அதனால் எண் பூட்டுப் போட்ட சின்ன டிரங்குப் பெட்டி. சாவிப் பூட்டு வேண்டாம் என்றது அவள்தான். இந்த வீட்டில் எந்தச் சாவியும் கடைசியில் அப்பத்தாவின் இடுப்புக்குத்தான் போகும்!

எங்களுடையது பழைய சுண்ணாம்புச் சுவர், மழைக்காலத்தில் ஓதம் ஏறும். பெட்டியைச் சுவரில் ஒட்டாமல் இரண்டு விரல் தள்ளி, கட்டைமேல் வைத்திருக்கிறோம். போட்டோக்கள் ஒட்டிக்கொள்ளாமல் இடையிடையே வெள்ளைத்தாள். வாழ்த்து அட்டைகளுக்கு நூல் கட்டு. ரப்பர் பேண்ட் நாளானால் இளகி அட்டையோடு பிசுபிசுத்துவிடும்.

எறும்பு வரும், தின்பண்டம் கூடாது. கேட்காமல் யாரும் திறக்கக் கூடாது. இவ்வளவுதான் சட்டம்.

போன வாரம் கத்தரிக்கோல் காணோம். சித்திக்குப் பெட்டிமேல் சந்தேகம். இவள் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, திறந்து, துழாவி, பூட்டினாள். “இல்ல சித்தி.”

“எங்க, நான் பாக்குறேன்.”

“அதான் அவ பாத்துட்டாளே” என்றார் அண்ணி, அடுப்படியிலிருந்தே.

கத்தரிக்கோல் தையல் மெஷின் டிராயரில் கிடந்தது.