தொப்பிக்கு எந்தத் தலைப்பு?

கடந்த பிப்ரவரியில், எங்கள் ஆய்வகத்தின் மூளைமின்னலைப் பதிவுத் தொப்பியில் நான்கு மின்முனைகள் ஓய்ந்துபோயின. இந்தியில் எழுவாய் ‘நே’ உருபு ஏற்றால், வினைமுற்று அதை விட்டுவிட்டுச் செயப்படுபொருளோடு இயையும். அவ்வியைபு பிறழும் கணத்தில் மூளையில் நிகழ்வது என்ன என்பதே என் ஆய்வு. 22 பேரிடம் பதிவு முடிந்திருந்தது. இன்னும் 8 பேர் எஞ்சியிருந்தனர்.

முதலில் ஜெல்லையே ஐயுற்றேன். மண்டைத் தோலுக்கும் மின்முனைக்கும் இடையே உப்புக் கலந்த ஜெல்லை ஊசியால் நிரப்பினால் மின்மறுப்பு 10 கிலோ ஓமுக்குக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் குறை தோலிலா, ஜெல்லிலா, கம்பியிலா என்று அறிய எளிய வழியொன்று உண்டு: தொப்பியை உப்புநீர்த் தொட்டியில் அமிழ்த்திப் பார்ப்பது. 64 மின்முனைகளில் 60 உடனே இறங்கின. மற்ற நான்கின் கம்பிகளை அடிப்பகுதியில் மெல்ல வளைத்தபோது எண்கள் துள்ளின. ஒவ்வொரு முறையும் கழுவி உலர்த்தியதில் உள்ளிழைகள் அறுந்திருந்தன.

இதிலென்ன, பராமரிப்பு ஒப்பந்தம் இருக்கிறதே என்று நிறுவனத்தை அழைத்தேன். ஆண்டுப் பராமரிப்பில் இருவகை உண்டு. ஒன்றில் பொறியாளரின் வருகையும் உழைப்பும் மட்டுமே அடங்கும். மற்றதில் உதிரிபாகங்களும் சேரும். எங்களுடையது இரண்டாம் வகை: 40 லட்ச ரூபாய்க் கருவிக்கு 6 விழுக்காடு, சரக்கு சேவை வரியோடு 2,83,200 ரூபாய். ஆனால் பிற்சேர்க்கையின் ஒரு வரி, தொப்பி, மின்முனை, இணைப்புவடம் ஆகியன ‘நுகர்பொருள்கள்’ எனவும் ஒப்பந்தத்தில் அடங்கா எனவும் கூறியது.

சரி, நுகர்பொருள் தலைப்பிலேயே வாங்குவோம் என்று அலுவலகம் சென்றேன். அங்கே தொப்பி நுகர்பொருள் அன்று. கருவியோடு ஒரே ரசீதில் வந்ததால் சொத்துப் பதிவேட்டில் ஏறியிருந்தது. “சொத்து பழுதானால் பராமரிப்பு ஒப்பந்தத்தில் சரிசெய்யுங்கள், சார்,” என்றார் எழுத்தர். அவர்மேல் பிழையில்லை, அவர் கையிலிருந்த ஆவணம் அப்படித்தான் சொன்னது. ஒரே பொருள் விற்றவருக்கு நுகர்பொருளாகவும் வாங்கியவருக்குச் சொத்தாகவும் இருப்பதை மொழியியல் மாணவனாக ரசித்திருக்கலாம். அன்று ரசிக்க இயலவில்லை.

பேராசிரியர் விளக்கக் குறிப்பு எழுதி, மூன்று வாரத்தில் தொப்பியை நுகர்பொருளாக்கினார். அதற்குள் வேறொரு சிக்கல் முளைத்தது: தொப்பியின் விலை 1,80,000 ரூபாய், தலைப்பில் மிஞ்சியிருந்ததோ 90,000க்கும் குறைவு.

மீதிப் பணம் எங்கே போயிற்று என்பதைச் சொல்லக் கூச்சமாகவே இருக்கிறது. டிசம்பரில் எங்கள் ஆய்வகக் கட்டுரையொன்றை முழுத் திறந்த அணுக்க இதழொன்று ஏற்றது. கட்டணம் 2,500 டாலர். அன்றைய மதிப்பில் 2,12,500 ரூபாய். வெளிநாட்டுச் சேவை என்பதால் நிறுவனமே செலுத்த வேண்டிய 18 விழுக்காடு வரியையும் சேர்த்தால் 2,50,750. தள்ளுபடி கேட்டோம். பதிப்பகங்கள் பலவும் தாமாகத் தள்ளுபடி தருவது ரிசர்ச்4லைஃப் பட்டியலிலுள்ள நாடுகளுக்கே. இந்தியா அதில் இல்லை. எதிர்பாராச் செலவுத் தலைப்பு போதாமல், ஒப்புதல் பெற்று நுகர்பொருள் தலைப்பிலிருந்து ஒரு லட்சத்துச் சொச்சம் மாற்றினோம். அக்கட்டுரையில் இரண்டாம் பெயர் என்னுடையது. மாற்றக் கோரும் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நானே.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்தபின் இக்கவலை தீர்ந்துவிட்டதெனச் சிலர் எண்ணுகிறார்கள். மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கிய அத்திட்டம் முதன்மையாக வாசிப்பதற்கானது. அதன்வழி நான் பல இதழ்களைப் படிக்கலாம்; வெளியிடக் கேட்கும் பணம் வேறு. எங்கள் துறையிலேயே மாற்று வழி கண்டவர்கள் உண்டு: 2015இல் ‘லிங்குவா’ ஆசிரியர் குழு கூட்டாக விலகி ‘குளோசா’ இதழைத் தொடங்கியது. எனினும் நரம்பியல் சார்ந்த கட்டுரைக்கு எங்கள் குழு வேறு இதழ்களையே நாடியது. பெயருக்காகத்தான், அதை மறுப்பதற்கில்லை.

மார்ச் 31இல் மீதப்பணம் காலாவதியாயிற்று. ஏப்ரலில் புதிய தவணை வரவில்லை. மே மாதம் பங்கேற்பாளர்களான மாணவர்கள் ஊருக்குச் சென்றுவிட்டனர். எஞ்சிய 8 பதிவுகள் ஆகஸ்டில்தான் முடிந்தன. என் உதவித்தொகையின் ஐந்தாம் ஆண்டு டிசம்பரில் முடிகிறது.

ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கையில் மலிவான வகைக்கு மாறலாமா என்று பேசினோம். நான்காண்டுகளில் மிகைப்பி ஒருமுறைகூடப் பழுதாகவில்லை. ஆயினும் அதன் உள்ளட்டை போனால் வரும் செலவைத் தாங்க எங்களுக்கு எந்தத் தலைப்பும் இல்லை, எனவே மாறவில்லை. ஆண்டுக்கு ஒரு தொப்பி என்ற வரியை மட்டும் விலைப்புள்ளியிலேயே சேர்க்கச் செய்தோம். நிறுவனம் சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டது.

என் கட்டுரையைச் சந்தா வழியில், கட்டணமின்றி வெளியிடும் இதழுக்கு அனுப்பியிருக்கிறேன். ஏற்கப்பட்டால், அதன் இறுதிக் கைப்படி, இதழ் விதிக்கும் காலத்தடை கழிந்தபின் நிறுவனக் களஞ்சியத்தில் இடம்பெறும். புதிய தொப்பியின் பெட்டிமேல் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு கோடு. இன்றுவரை 11 கோடுகள்.