படத்தில் இருந்த கை, பார்சலில் இல்லை

பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்கென்று நாங்கள் ஆறு டீச்சர்மார் ஒன்லைனில் ஒரே மாதிரி கவுன் ஓடர் பண்ணினோம். படத்தில் கை மணிக்கட்டு வரைக்கும். பார்சலை உடைத்தால் முழங்கையோடு முடிகிறது. கேட்டதற்கு, "படம் கொஞ்சம் எடிட் பண்ணினது ராத்தா, சைஸ் பிழையென்றால் மட்டும்தான் மாற்றித் தருவோம்" என்றார்கள்.

பிறகுதான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். முழங்கைக்குக் கீழே ஒரே பூ மூன்று தடவை அச்சொட்டாக வந்திருந்தது, துணியில் ஒரு சுருக்கமும் இல்லை. முதலிலேயே பார்த்திருக்கலாம், எங்கட பிழையும்தான்.

வெளிச்சத்துக்கு நிறம் கொஞ்சம் மாறுவது வேறு, கை மாறுவது வேறு. "எடிட் செய்த படம்" என்று பொதுவாகப் போட்டாலும் போதாது. "கை படத்தில் நீட்டப்பட்டது, உண்மையில் முழங்கை வரை" என்று படத்திலேயே இருக்க வேண்டும். அதைப் பார்த்தும் வாங்கினால், கை கட்டை என்று திருப்பிக் கொடுக்க எங்களுக்கு நியாயமில்லை. போடாவிட்டால் அது சைஸ் பிரச்சினையே அல்ல, காட்டிய உடுப்பு வரவில்லை என்பதுதான் கதை. வாங்குபவரைப் பிழையாக வழிநடத்துவதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் தடை செய்கிறது.

இதைச் சொல்லி எழுதுவதற்குள் பேஜில் படத்தை மாற்றிவிட்டார்கள். நல்லவேளை, எங்களில் ஒருவர் ஓடர் பண்ணும்போதே ஸ்க்ரீன்ஷொட் எடுத்திருந்தார். அதை அனுப்பிய பிறகுதான் காசு வந்தது, குரியர் காசு தவிர.